ஓராண்டில் தேவைப்படும் பணத்தை ஸ்மால்கேப் ஃபண்டில் போட்ட ஒரு குடும்பம்: நிகழ்வு ஆய்வு

இது திருப்பூரில் வசிக்கும் ஒரு தம்பதியின் கணக்கு. 2024 ஜூன் மாதம் தொடங்கி 2025 அக்டோபர் வரை நடந்தவை இதில் உள்ளன. இருவருடைய ஒப்புதலோடு எழுதுகிறேன். பெயர்களும் அவர்கள் வாங்கிய ஃபண்டின் பெயரும் தவிர்க்கப்பட்டுள்ளன. நான் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தெரிந்தவர்கள் கேட்டால் கணக்கைப் பார்த்துச் சொல்வேன், அதற்குக் கட்டணம் வாங்குவதில்லை.

பின்னணி

மனைவி ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறார், கைக்கு வரும் சம்பளம் 21,000 ரூபாய். கணவர் தையல் இயந்திரம் பழுதுபார்ப்பவர், மாதம் 24,000 ரூபாய் அளவில் வரும். வாடகை, கணவருடைய தாயாரின் மருந்து, வீட்டுச் செலவு எல்லாம் போக எட்டு ஒன்பதாயிரம் மிஞ்சும். அதில் 2,500 ரூபாய் இருபது மாதச் சீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. சேமிப்புக் கணக்கில் 14,000 ரூபாய் இருந்தது.

மகளுக்கு அப்போது மூன்று வயது. அடுத்த ஆண்டு எல்.கே.ஜி. சேர்க்க வேண்டும், பள்ளிக் கட்டணம் 60,000 ரூபாய். மே மாதம் 35,000, அக்டோபரில் 25,000 என்று இரண்டு தவணை. இந்தப் பணத்தைச் சேர்ப்பதற்காகத்தான் 2024 ஜூன் நடுவில் மனைவி வங்கிக் கிளைக்குப் போயிருக்கிறார். ஆர்.டி. போடத்தான் போனார். கிளையில் இருந்தவர், ஆர்.டி.யில் ஆறரை ஏழு விழுக்காடுதான் கிடைக்கும் என்று சொல்லி, சிறு நிறுவனப் பங்குகளை வாங்கும் ஒரு ஸ்மால்கேப் ஃபண்டின் மூன்றாண்டு வரைபடத்தைக் காட்டியிருக்கிறார். அது ஆண்டுக்கு 25 விழுக்காட்டுக்கு மேல் ஏறியிருந்தது. மாதம் 6,000 ரூபாய்க்கு எஸ்.ஐ.பி. என்ற மாதத் தவணை முதலீடு அன்றே பதிவானது. ஓராண்டில் 72,000 சேர்ந்துவிடும், பள்ளிக் கட்டணம் போக மீதியும் இருக்கும் என்பது அவருடைய கணக்கு.

அந்த வரைபடம் பொய் சொல்லவில்லை. ஆனால் அது சந்தை நன்றாக ஏறி முடித்திருந்த இடத்தில் நின்று பின்னால் பார்த்த படம். மூன்றாண்டு எண்ணிக்கை என்பது தொடக்க நாள், முடிவு நாள் இரண்டை மட்டும் பார்க்கிறது. இடையில் எவ்வளவு இறங்கி ஏறியது, பணம் எப்போது தேவை என்ற இரண்டும் அதில் தெரியாது. பணம் எப்போது வேண்டும் என்று கிளையில் யாரும் கேட்கவில்லை என்றார் அவர்.

2025 மார்ச்: கணக்கில் கண்டவை

ஐம்பது பெரிய நிறுவனப் பங்குகளைக் கொண்ட நிஃப்டி 50 குறியீடு 2024 செப்டம்பர் கடைசியில் 26,200 புள்ளிகளைத் தொட்டது. அடுத்த மார்ச் தொடக்கத்தில் 22,100 அளவுக்கு இறங்கியது. சிறு நிறுவனப் பங்குகளின் நிலை இன்னும் மோசம். டிசம்பர் உச்சத்திலிருந்து பிப்ரவரி முடிவுக்குள் அவற்றின் குறியீடு ஏறத்தாழ கால் பங்கை இழந்தது. மார்ச் முதல் வாரத்தில் தம்பதி இருவரும் வீட்டுக்கு வந்தார்கள். "அண்ணா, நிறுத்திவிட்டுக் கிடைத்ததை எடுத்துக்கொள்ளலாமா?" என்று கேட்டார் மனைவி. கையில் ஃபண்டின் கணக்கு அறிக்கையும் வங்கிப் பாஸ்புக்கும் இருந்தன.

முதலில் தெரிந்தது தவணைத் தேதியின் கோளாறு. எஸ்.ஐ.பி. ஒவ்வொரு மாதமும் 3ஆம் தேதி, சம்பளம் வருவதோ 7ஆம் தேதி. தீபாவளி முடிந்த நவம்பரிலும், அடுத்து ஜனவரியிலும் சம்பளக் கணக்கில் போதிய பணம் இல்லாமல் தவணை திரும்பியிருந்தது. ஒவ்வொரு முறையும் வங்கி 250 ரூபாயும் அதற்கு 18 விழுக்காடு ஜி.எஸ்.டி.யும் சேர்த்து 295 ரூபாய் எடுத்திருந்தது. ஃபண்ட் நிறுவனம் இதற்கு அபராதம் விதிப்பதில்லை, ஆனால் தொடர்ந்து மூன்று மாதம் தவறினால் எஸ்.ஐ.பி. தானாக நின்றுவிடும். ஆக, பத்துத் தவணைகளில் எட்டுதான் போயிருந்தன. போட்டது 48,000 ரூபாய். அன்றைய மதிப்பு 40,100.

சந்தை கால் பங்கு விழுந்தபோது இவருடைய பணம் ஆறில் ஒரு பங்குதான் குறைந்திருந்தது. பணம் ஒரே நாளில் போகாமல் மாதாமாதம் பிரிந்து போனதால், இறக்கத்தின்போது வாங்கிய பிப்ரவரி, மார்ச் தவணைகளுக்கு அதிக யூனிட்கள் கிடைத்திருந்தன. எஸ்.ஐ.பி. செய்யும் உதவி இவ்வளவுதான். இழப்பே வராமல் தடுக்கும் ஏற்பாடு என்று பலர் இதைத் தவறாக நினைக்கிறார்கள்.

அடுத்து அவர் கேட்ட கேள்வி எனக்குப் பிடித்திருந்தது. கணக்கு எழுதுபவர் அல்லவா, அறிக்கையில் முதல் வரியிலேயே விரலை வைத்தார். கணக்கிலிருந்து போனது 6,000. முதலீடாகப் பதிவானது 5,999.70. யூனிட் விலை 148.62, கிடைத்த யூனிட் 40.369. "இந்த முப்பது காசு எங்கே போனது?"

அது முத்திரைத் தீர்வை. 2020 ஜூலை முதல் ஃபண்ட் யூனிட் வாங்கும்போது 0.005 விழுக்காடு பிடிக்கிறார்கள். ஆனால் அறிக்கையின் எந்த வரியிலும் வராத செலவு ஒன்று வேறு இருந்தது. ஃபண்டை நடத்துவதற்காக நிறுவனம் எடுத்துக்கொள்ளும் செலவு விகிதம் அது. நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்த பிறகுதான் யூனிட் விலையே வெளியாகிறது என்பதால் தனியாக ரசீது கிடையாது. இவர் வாங்கியது ரெகுலர் வகை. செலவு விகிதம் ஆண்டுக்கு 1.75 விழுக்காடு. அதே ஃபண்டின் டைரக்ட் வகையில் 0.65. நடுவில் உள்ள 1.10, விற்றுக் கொடுத்தவருக்குப் போகும் கமிஷனும் அதைச் சார்ந்த செலவும். இரண்டு வகையிலும் வாங்கும் பங்குகள் ஒன்றே, நிர்வாகிகளும் ஒருவரே.

40,000 ரூபாய்க்கு 1.75 விழுக்காடு என்றால் ஆண்டுக்கு 700 ரூபாய். நட்டத்தில் இருந்த ஆண்டிலும் அது கழிந்தது.

ஒரே பையில் மூன்று தேவைகள்

இருவரிடமும் ஒரு தாளைக் கொடுத்து, இந்தப் பணம் எதற்கு, எந்த மாதம் வேண்டும் என்று எழுதச் சொன்னேன். மூன்று வரிகள் வந்தன. பள்ளிக் கட்டணம்: மே 2025, அக்டோபர் 2025. திடீர்ச் செலவு: எப்போது வேண்டுமானாலும். மகளின் கல்லூரி: 2039. மூன்றாவதை எழுதியவர் கணவர். "வங்கியில் நீண்ட காலத்துக்கு நல்லது என்று சொன்னார்களாம், அதனால் படிப்புக்கும் இதுவே இருக்கட்டும் என்று நினைத்தோம்" என்றார்.

சிக்கல் இதில்தான் இருந்தது. ஃபண்ட் மோசமானதில்லை. மே மாதம் வேண்டிய பணமும் 2039இல் வேண்டிய பணமும் ஒரே இடத்தில் இருந்தன.

எல்லா ஃபண்டுக்கும் ரிஸ்க் அளவுகோல் ஒன்று அச்சிடப்பட வேண்டும் என்பது பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியின் விதி. ஆறு நிலைகள் உண்டு. இவருடைய ஃபண்டில் முள் 'மிக அதிகம்' என்ற இடத்தில் இருந்தது. நிஃப்டி 50 பங்குகளை அப்படியே வாங்கி வைக்கும் இண்டெக்ஸ் ஃபண்டிலும் முள் அதே இடத்தில்தான் நிற்கிறது. ஆகவே பங்கு ஃபண்டுகளுக்குள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க அந்தப் படம் பெரிதாக உதவாது. நாட்டின் பெரிய நூறு நிறுவனங்களை அடுத்து 101 முதல் 250 வரை நடுத்தரம், 251க்குக் கீழே உள்ளவை சிறு நிறுவனங்கள் என்று செபி வகுத்திருக்கிறது. ஸ்மால்கேப் ஃபண்ட் குறைந்தது 65 விழுக்காட்டை இந்தக் கடைசி வரிசையில் வைக்க வேண்டும். வாங்க ஆள் இல்லாத நாட்களில் இந்தப் பங்குகள் பெரிய நிறுவனப் பங்குகளைவிட வேகமாக இறங்கும்.

பெரிய நிறுவனங்கள் மட்டும் இருக்கும் நிஃப்டியையே எடுத்துக்கொள்வோம். 2008 ஜனவரியில் 6,287 புள்ளிகளில் முடிந்த குறியீடு, அதே ஆண்டு அக்டோபர் 27 அன்று 2,524க்கு வந்தது. பழைய இடத்தைத் திரும்பத் தொட 2010 நவம்பர் ஆயிற்று. 2020இல் ஜனவரி நடுவிலிருந்து மார்ச் 23க்குள் 38 விழுக்காடு இறங்கி, அதே ஆண்டு நவம்பரில் மீண்டது. ஒருமுறை பத்து மாதம், ஒருமுறை மூன்று ஆண்டுக்கு அருகில். அடுத்த முறை எவ்வளவு ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால்தான் ஐந்தாறு ஆண்டுக்குள் வேண்டிய பணத்தைப் பங்கு ஃபண்டில் வைக்க வேண்டாம் என்கிறேன். ஸ்மால்கேப் என்றால் இன்னும் நீண்ட காலம் வேண்டும்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

மே மாதக் கட்டணத்துக்கு இரண்டு மாதமே இருந்தது. முதல் வழி, இருப்பதை விற்பது. எல்லாத் தவணையும் ஓராண்டுக்கு உட்பட்டவை என்பதால் ஒரு விழுக்காடு எக்ஸிட் லோடு என்ற வெளியேறும் கட்டணம் உண்டு, அதாவது 400 ரூபாய். கைக்கு 39,700 வரும், எட்டாயிரத்துச் சொச்சம் நட்டம் உறுதியாகும். இரண்டாவது வழி, மே வரை காத்திருந்து பார்ப்பது. அது வெறும் பந்தயம். மூன்றாவது வழியை மனைவியே சொன்னார்: ஏப்ரலில் சீட்டு முடிகிறது, கடைசிச் சீட்டு இவர்களுடையது, 50,000 ரூபாய் வரும்.

சீட்டுப் பணத்தில் பள்ளிக் கட்டணம் என்று முடிவாயிற்று. ஃபண்டில் இருப்பதை விற்கத் தேவை இல்லாமல் போனது. சீட்டு இல்லாதிருந்தால், மே மாதத்துக்கு வேண்டிய 35,000 ரூபாயை நட்டத்தோடு அன்றே எடுக்கத்தான் சொல்லியிருப்பேன். இரண்டு மாதத்தில் சந்தை ஏறும் என்று நம்பிக் குழந்தையின் பள்ளி இடத்தை வைத்துப் பார்க்க முடியாது.

அடுத்தது மாதாந்தர 6,000. ஸ்மால்கேப் எஸ்.ஐ.பி.யை ரத்து செய்தோம். அதில் 3,000 ரூபாய் ஏப்ரலிலிருந்து ஆறு மாத ஆர்.டி.க்கு, அக்டோபர் கட்டணத்துக்காக. மீதி 3,000 ரூபாய் நிஃப்டி 50 இண்டெக்ஸ் ஃபண்டின் டைரக்ட் வகைக்கு, 2039க்காக. ஃபண்ட் நிறுவனத்தின் இணையதளத்திலேயே மனைவி பதிவு செய்தார், கே.ஒய்.சி. ஏற்கெனவே முடிந்திருந்ததால் பான் எண்ணும் வங்கிக் கணக்கும் போதுமானதாக இருந்தன. தவணைத் தேதியை 12 என்று வைத்தோம். சம்பளம் ஓரிரு நாள் தாமதமானாலும் தாங்கும்.

இண்டெக்ஸ் ஃபண்டைத் தேர்ந்தெடுத்ததற்குச் செலவு ஒரு காரணம். இதில் செலவு விகிதம் 0.2 விழுக்காடு அளவில்தான். இன்னொரு காரணம், எந்த நிர்வாகி நன்றாகச் செய்கிறார் என்று ஆண்டுதோறும் பார்த்துக்கொண்டிருக்க இந்தக் குடும்பத்துக்கு நேரமும் இல்லை, விருப்பமும் இல்லை.

செலவின் அளவை ரூபாயில் காட்டினால்தான் மனத்தில் தங்கும் என்று அவருடைய அலுவலகக் கணினி அட்டவணையிலேயே போட்டுப் பார்க்கச் சொன்னேன். மாதம் 3,000, 14 ஆண்டு, மொத்தம் 5,04,000 ரூபாய். ஆண்டுக்கு 11 விழுக்காடு வளர்ந்தால் ஏறத்தாழ 11.9 லட்சம். 1.10 குறைந்து 9.9 விழுக்காடு வளர்ந்தால் 10.8 லட்சம். ஒரு லட்சத்துக்கு மேல் வித்தியாசம். 11 விழுக்காடு கிடைக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. ஆனால் வளர்ச்சி எவ்வளவாக இருந்தாலும் செலவு கழிவது நிச்சயம்.

கமிஷனே கூடாது என்பது என் கருத்து இல்லை. இணையதளத்தைத் தொடவே அஞ்சுபவர்களுக்கும், சந்தை விழும்போது கையைப் பிடித்து நிறுத்த ஆள் வேண்டியவர்களுக்கும் நல்ல முகவர் அந்த 1.10க்குத் தகுதியானவர்தான். இங்கே பணம் எப்போது வேண்டும் என்ற ஒரு கேள்விகூடக் கேட்கப்படவில்லை. கட்டணம் மட்டும் போய்க்கொண்டிருந்தது.

ஏற்கெனவே உள்ள 40,100 ரூபாயை என்ன செய்வது என்பதில்தான் அதிக நேரம் பேசினோம். ரெகுலரிலிருந்து டைரக்டுக்கு மாற்றுவது விற்று வாங்குவதாகவே கருதப்படும். எக்ஸிட் லோடு உண்டு, லாபம் இருந்தால் வரியும் உண்டு. ஒவ்வொரு தவணைக்கும் ஓராண்டுக் கணக்கு தனித்தனி. முதலில் வாங்கிய யூனிட் முதலில் விற்றதாகக் கொள்ளப்படும். 2024 ஜூன் தவணைக்கு 2025 ஜூனில் ஓராண்டு முடியும். மார்ச் தவணைக்கு 2026 மார்ச்சில்தான். எனவே இருப்பதை அப்படியே விட்டு, ஓராண்டு முடிந்தவற்றைக் கட்டணமில்லாமல் பிறகு மாற்றலாம் என்று வைத்தோம். ஓராண்டுக்கு மேல் வைத்த யூனிட்களின் லாபத்தில் ஒரு நிதியாண்டில் 1.25 லட்சம் வரை வரி இல்லை, அதற்கு மேல் 12.5 விழுக்காடு. இவர்களுடைய தொகைக்கு அந்த வரம்பு எட்டாத தொலைவில் இருந்தது.

பின்பு நடந்தவை

ஏப்ரல் 7 அன்று, அமெரிக்கா அறிவித்த இறக்குமதி வரிகளின் தாக்கத்தில் நிஃப்டி ஒரே நாளில் மூன்று விழுக்காட்டுக்கு மேல் இறங்கியது. புதிய எஸ்.ஐ.பி.யின் முதல் தவணைக்கு ஐந்து நாள் இருந்தது. மனைவி தொலைபேசியில் கேட்டது, நிறுத்தலாமா என்பதில்லை. "2039க்கான பணம்தானே அண்ணா, போகட்டுமா?" என்று கேட்டார். போகட்டும் என்றேன்.

சீட்டுப் பணம் 50,000 வந்தது. மே மாதம் 35,000 கட்டினார்கள். மீதி 15,000 சேமிப்புக் கணக்குக்குப் போனது, அங்கே 29,000 ஆயிற்று. ஆகஸ்டில் கணவருடைய தாயாருக்குக் கண்புரை அறுவை சிகிச்சை. 22,000 ரூபாய் அதிலிருந்தே போயிற்று. கடன் வாங்கவில்லை, ஃபண்டையும் தொடவில்லை.

இடையில், ஜூன் கடைசியில் சந்தை நன்றாக மீண்டிருந்தது. பழைய ஸ்மால்கேப் யூனிட்களின் மதிப்பு 50,500 ரூபாயைத் தாண்டியது, போட்ட 48,000க்கு மேல். கணவருக்கு வருத்தம். நிறுத்தாமல் மாதம் ஆறாயிரமும் அதிலேயே போட்டிருந்தால் ஏப்ரல், மே விலையில் வாங்கியிருக்கலாமே என்றார். கணக்குப்படி அவர் சொன்னது சரி. ஆனால் ஆர்.டி.க்குப் போன பணம் அக்டோபரில் பள்ளிக்குப் போக வேண்டியது. மார்ச்சில் எடுத்த முடிவை ஜூன் விலையை வைத்து எடைபோட்டால், ஜூனில் சந்தை இன்னும் இறங்கியிருந்தால் அதே முடிவைப் பாராட்டியிருப்போம். முடிவு ஒன்றே, பாராட்டும் வருத்தமும் சந்தையைப் பொறுத்து மாறுகின்றன. இதை அவர் உடனே ஏற்றுக்கொண்டார் என்று சொல்ல மாட்டேன். ஆகஸ்ட் மருத்துவமனைச் செலவுக்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அக்டோபரில் ஆர்.டி.யில் சேர்ந்த 18,000 ரூபாயும் வட்டியும், தீபாவளி போனஸிலிருந்து எடுத்த மீதியும் சேர்ந்து இரண்டாம் தவணை 25,000 கட்டப்பட்டது. அதே மாதம் 2024 ஜூன் முதல் அக்டோபர் வரையிலான ஐந்து ஸ்மால்கேப் தவணைகளுக்கு ஓராண்டு முடிந்தது. போட்டது 30,000, மதிப்பு 29,000 அளவு. அவற்றை விற்று அதே வாரம் இண்டெக்ஸ் ஃபண்டில் சேர்த்தார்கள். போட்ட விலை வரும்வரை காத்திருக்கலாமே என்ற ஆசை இருவருக்கும் இருந்தது. பணம் பங்குச் சந்தையை விட்டு வெளியே போகவில்லை, குறைந்த செலவுள்ள இடத்துக்கு மாறுகிறது, எக்ஸிட் லோடும் வரியும் இல்லை என்பதால் காத்திருக்கக் காரணம் இல்லை என்று சொன்னேன்.

இனி மாற்ற வேண்டியவை

சேமிப்பில் இப்போது ஏழாயிரம்தான் இருக்கிறது. அதனால் ஆர்.டி.க்குப் போன 3,000 ரூபாயும் முடிந்த சீட்டின் 2,500 ரூபாயும் இனி திடீர்ச் செலவுக்கான சேமிப்புக்குப் போகின்றன. மூன்று மாத வீட்டுச் செலவான ஒரு லட்சம் சேரும்வரை இண்டெக்ஸ் ஃபண்ட் தவணையைக் கூட்டுவதில்லை என்று பேசியிருக்கிறோம். அடுத்த ஆண்டுப் பள்ளிக் கட்டணத்துக்கும் இதிலிருந்தே பிரித்து வைக்க வேண்டும். அது கொஞ்சம் நெருக்கடியாகத்தான் இருக்கும்.

டிசம்பர், பிப்ரவரி, மார்ச் மாதத் தவணைகளில் வாங்கிய ஸ்மால்கேப் யூனிட்களை 2026 மார்ச் கடந்ததும் மாற்ற வேண்டும். 2039க்கான பணமும் 2039 வரை பங்கிலேயே இருக்கக் கூடாது. கல்லூரிக்கு மூன்று ஆண்டு முன்பு, 2036 தொடங்கி ஆண்டுக்கு மூன்றில் ஒரு பங்காக வங்கி வைப்புக்கு மாற்றத் தொடங்க வேண்டும். இல்லாவிட்டால் 2025 மார்ச்சில் நடந்தது பெரிய தொகையில் திரும்ப நடக்கலாம். 2036 என்ற அந்த ஆண்டை மனைவி தன் கணக்கு நோட்டின் முன்பக்கத்தில், ஃபண்டின் ஃபோலியோ எண்ணுக்குப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார்.